555 புத்தகத்தில் எழுதி வாங்கிய பால் மாவு: கடைக்காரருக்கு எப்படி எழுதுவது?

"அண்ணே, நாங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். சம்பளம் போட்ட வாரம், மார்ச் 7 சனிக்கிழமை, டவுன் மளிகைக் கடையில சாமான் எடுத்தோம். அதுல ஒரு பால் மாவு பாக்கெட், 24 வெள்ளி 90 சென். நேத்து ராத்திரிதான் பார்த்தேன், பிப்ரவரி 28-லேயே தேதி முடிஞ்சிருக்கு. ரெண்டு தடவை பிள்ளைக்குக் கலக்கிக் கொடுத்துட்டேன். ரசீது இல்ல, 555 கடன் கணக்குப் புத்தகத்துல எழுதிதான் வாங்கினோம். கடைக்காரர் எங்கப்பா காலத்துப் பழக்கம். அவர் மனசு நோகாம, ஆனா காசு திரும்பக் கிடைக்கிற மாதிரி ஒரு மெசேஜ் எப்படி எழுதறது?"

தங்கச்சி, மெசேஜ் எழுத உட்காரும் முன் அந்தப் பாக்கெட்டைக் கையில் எடுங்கள். மீதி மாவோடு அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போடுங்கள். வீட்டில் யாரும் தெரியாமல் கலக்கிவிடக் கூடாது, கோபத்தில் யாரும் குப்பையில் கொட்டிவிடவும் கூடாது. நான் பல வருடம் மளிகைக் கடையில் கணக்கு எழுதியவன். இப்போது அக்கம்பக்கத்தாருக்குப் புகார்க் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். நியாயம் கையில் இருந்தும் தோற்றுப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் பாக்கெட்டைத் தொலைத்தவர்கள்.

பால் மாவு, மசாலா, மாவுப் பாக்கெட்டுகளில் தேதியைப் பெரும்பாலும் மேல் ஓரத்தில், சூடு வைத்து ஒட்டிய அந்த மடிப்பிலேயே அடித்திருப்பார்கள். நாம் கத்தரிக்கோலால் வெட்டுகிற இடமும் அதுதான். வெட்டிய துண்டு சிங்க் ஓரத்தில் கிடந்து மறுநாள் குப்பையோடு போய்விடும், மாவு பழைய டின்னுக்குள் போய்விடும். பிறகு எந்தத் தேதியைக் காட்டுவது? உங்கள் பாக்கெட்டில் தேதி இருந்த ஓரம் தனித் துண்டாக இருந்தால் அதையும் அதே பைக்குள் போட்டு வையுங்கள். துண்டும் பாக்கெட்டும் பொருந்துகிற மாதிரி சேர்த்து வைத்து ஒரு படம் எடுங்கள்.

அடுத்து, அந்தத் தேதியைச் சரியாகப் படிக்க வேண்டும். கோளாறு இங்கேதான் வரும். நாம் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறவர்கள். "28 02 26" என்று அடித்திருந்தால் நமக்கு அது 2026 பிப்ரவரி 28. ஆனால் ஆண்டை முதலில் போட்டு அடிக்கிற கம்பெனிகளும் உண்டு. அப்படிப் படித்தால் அதே எண்கள் 2028 பிப்ரவரி 26 ஆகிவிடும். கடைக்காரர் "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கேம்மா" என்று சொன்னால் அவர் ஏமாற்றுகிறார் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதீர்கள். சந்தேகத்தைத் தீர்க்கும் வழி பாக்கெட்டிலேயே இருக்கும். தயாரித்த தேதியும் பெரும்பாலும் பக்கத்தில் அடித்திருப்பார்கள். அது "28 08 24" என்று இருந்தால், ஆண்டை முதலில் வைத்துப் படிக்கும்போது 2028 ஆகஸ்டில் தயாரித்ததாக வரும். இன்னும் வராத ஆண்டில் யாரும் பால் மாவு தயாரிக்க முடியாது. ஆகவே நாளை முதலில் வைத்துப் படிப்பதுதான் சரி: 2024 ஆகஸ்ட் 28-இல் தயாரித்தது, 18 மாதம் கழித்து 2026 பிப்ரவரி 28-இல் முடிந்தது. படம் எடுக்கும்போது இரண்டு தேதியும் ஒரே படத்தில் விழட்டும். இந்த வாதம் எழுவதற்கே இடம் இருக்காது.

தேதிக்கு முன்னால் என்ன வார்த்தை இருக்கிறது என்றும் பாருங்கள். "தாரிக் லுப்புட்" என்றோ "எக்ஸ்பயரி" என்றோ இருந்தால் அது காலாவதித் தேதி. மலேசியாவின் உணவு விதிமுறைகள் 1985-இன்படி அந்தத் தேதி கடந்த உணவை விற்கக் கூடாது. "பெஸ்ட் பிஃபோர்" என்றோ "பாய்க் செபலும்" என்றோ இருந்தால் அது தரம் குறையத் தொடங்கும் தேதி. அதற்குப் பிறகு சுவை, மணம், சத்து குறையலாம். அந்தத் தேதி தாண்டிய பொருளுக்கும் பணம் கேட்கலாம். ஆனால் "விற்கக் கூடாததை விற்றுவிட்டீர்கள்" என்று எழுத முடியாது. "தரம் போன பொருள், எனக்கு வேண்டாம்" என்றுதான் எழுத வேண்டும். நீங்கள் சொல்வது முதல் வகை என்று வைத்துக்கொண்டுதான் கீழே எழுதுகிறேன். இரண்டாவது வகையாக இருந்தால் மெசேஜில் "காலாவதி" என்று வருகிற இடங்களை மட்டும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்கள் வழக்கின் உயிர் இருப்பது வாங்கிய தேதியில். வீட்டில் காலாவதியான பாக்கெட்டைக் கண்டுபிடித்தோம் என்பது மட்டும் கடைக்காரரின் தவறு ஆகாது. தேதி வாங்கும்போதே முடிந்திருந்ததா, நம் அலமாரியில் உட்கார்ந்து முடிந்ததா என்பதைப் பொறுத்தே எல்லாம். ஜனவரியில் வாங்கிய பாக்கெட் பிப்ரவரியில் முடிந்து, அதை நாம் மார்ச்சில் பார்த்தால் அது நம் தவறு. தேதி நெருங்கிய பொருளை விற்பதற்குத் தடை எதுவும் இல்லை. உங்கள் கணக்கில் பிப்ரவரி 28-இல் முடிந்தது மார்ச் 7-இல் கைக்கு வந்திருக்கிறது. வாங்கிய அன்றே ஏழு நாள் கடந்துவிட்டது. மெசேஜில் அழுத்தமாகச் சொல்ல வேண்டிய ஒரே செய்தி இதுதான்.

ரசீது இல்லையே என்று கவலைப்படாதீர்கள். 555 புத்தகம் ரசீதை விட நல்ல சாட்சி. ரசீது சூட்டுத் தாள், நாளானால் வெளுத்துவிடும். அந்தச் சின்ன நோட்டில் இருப்பதோ கடைக்காரர் தன் கையாலேயே பேனாவால் எழுதிய தேதி, சாமான், விலை. உங்களிடம் இருக்கிற புத்தகத்தில் மார்ச் 7 பக்கத்தைத் திறந்து, "பால் மாவு 24.90" என்ற வரி தெளிவாகத் தெரியும்படி முழுப் பக்கத்தையும் படம் எடுங்கள். வரியை மட்டும் நெருக்கி எடுத்தால் தேதி விடுபட்டுப் போகும். சில கடைகளில் சாமான் பெயர் எழுதாமல் வெறும் தொகையை மட்டும் போடுவார்கள். அப்படி இருந்தாலும் 24.90 என்ற எண் அந்த நாளில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சேர்த்து ஒரே கூட்டுத்தொகை என்றால், அன்று என்னென்ன எடுத்தீர்கள் என்று நினைவுபடுத்தி எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு மெசேஜ் அனுப்புங்கள்.

சட்டத்தைப் பற்றி ஒன்றே ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மெசேஜின் வடிவத்தை அதுதான் முடிவு செய்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன்படி, விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். பாதுகாப்பில்லாத அளவுக்குத் தரம் கெட்டிருந்தால் வாங்கியவர் அதை நிராகரிக்கலாம். நிராகரிக்கிறேன் என்பதையும் அதன் காரணத்தையும் கடைக்காரருக்குத் தெரிவித்து, பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு பணமா, அதே மாதிரி வேறு பொருளா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவரின் உரிமை. நியாயமான காலத்துக்குள் தெரிவிக்காமல் விட்டாலோ, பொருளைத் தூக்கி எறிந்துவிட்டாலோ இந்த நிராகரிக்கும் உரிமை போய்விடும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் அட்டை தொங்கினாலும் இந்த உரிமையை அது அழிக்காது.

இதனால் நீங்கள் அனுப்பப் போகிற மெசேஜ் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. அப்பா காலத்துப் பழக்கக்காரரிடம் மரியாதையாகப் பேசுவது ஒன்று. சட்டம் கேட்கிற அறிவிப்பைக் கொடுப்பது மற்றொன்று. அந்த இரண்டாவது வேலைக்கு வேண்டியது இரண்டே வாக்கியம்தான்: "இதைத் திருப்பித் தருகிறேன்" என்பதும் "காரணம் இது" என்பதும். பலர் எழுதும் மெசேஜில் இந்த இரண்டும்தான் இருக்காது. "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க, பிள்ளை குடிக்கிறது, கொஞ்சம் பாருங்க" என்று முடித்துவிடுவார்கள். படிக்கிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. "சாரிம்மா" என்று ஒரு பதில் வரும், அதோடு நின்றுவிடும்.

குரல் பதிவாக அனுப்ப வேண்டாம். பேசும்போது நமக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வரும். கடையில் ஆள் நிற்கும்போது அவர் அதை எல்லார் காதிலும் விழும்படி போட்டுவிடுவார். பிறகு எங்காவது காட்ட வேண்டி வந்தால் அச்செடுத்துக் கொடுக்கவும் முடியாது. எழுத்தாகவே அனுப்புங்கள், கடை நம்பருக்கு அனுப்பாமல் முதலாளியின் சொந்த நம்பருக்கு அனுப்புங்கள். கடை நம்பர் கல்லாவில் நிற்கிற பையன் கையில் இருக்கும். அவன் தமிழ் படிக்கத் தெரியாதவனாகவும் இருக்கலாம், பயந்துகொண்டு சொல்லாமலும் விடலாம்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் அண்ணே. மேல் லைன் கடைசி வீட்டிலிருந்து எழுதுகிறேன். மார்ச் 7 சனிக்கிழமை உங்கள் கடையில் எடுத்த சாமானில் ஒரு பால் மாவு பாக்கெட் (24 வெள்ளி 90 சென்) இருந்தது. நேற்று இரவு பார்த்தபோது அதன் காலாவதித் தேதி பிப்ரவரி 28 என்று இருக்கிறது. நாங்கள் வாங்கிய அன்றே ஏழு நாள் கடந்திருக்கிறது. தெரியாமல் இரண்டு தடவை பயன்படுத்திவிட்டோம், மீதியை அப்படியே வைத்திருக்கிறேன்.

காலாவதியான பொருள் என்பதால் இதைத் திருப்பித் தருகிறேன். வேறு பாக்கெட் வேண்டாம், 24.90-ஐப் புத்தகக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்கு வரும்போது பாக்கெட்டையும் புத்தகத்தையும் எடுத்து வருகிறேன். தேதியின் படமும் புத்தகப் பக்கத்தின் படமும் கீழே இருக்கின்றன.

அதே அலமாரியில் இன்னும் பாக்கெட் இருந்தால் தேதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் அண்ணே. மற்ற வீட்டிலும் பிள்ளைகள் குடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஒரு பதில் போடுங்கள்."

இதில் எதை எதற்காக வைத்தேன் என்று சொல்கிறேன். அப்போதுதான் உங்கள் வசதிக்கு மாற்றும்போது தேவையானதை வெட்டிவிட மாட்டீர்கள்.

முதல் வரியிலேயே யார் எழுதுகிறார்கள் என்று இருக்க வேண்டும். சம்பள வாரத்தில் அவர் கடையில் கணக்கு எழுதி எடுக்கும் குடும்பங்கள் ஐம்பது, அறுபது இருக்கும். அவர் போனில் உங்கள் பெயர் பதிந்திருக்கும் என்று நம்பி விடாதீர்கள்.

இரண்டு தடவை பயன்படுத்தியதை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். பாக்கெட்டைப் பார்த்த உடனே அவருக்குத் தெரியத்தான் போகிறது. நீங்களே முன்னால் சொல்லிவிட்டால் "தின்னுட்டுக் கொண்டு வந்திருக்கியே" என்ற பேச்சுக்கு வேலை இல்லை. தேதி முடிந்தது தெரியாமல் திறந்ததால் உங்கள் உரிமை குறைவதில்லை. திறந்ததால் அது கெடவில்லை, வாங்கும்போதே அதன் நாள் முடிந்திருந்தது. அதனால் கேட்பது முழு 24.90. இரண்டு கலக்கலுக்கு இவ்வளவு என்று நீங்களாகவே கழித்துக் கேட்காதீர்கள்.

மாவு கெட்டுவிட்டது, நாறுகிறது என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். பால் மாவில் இருக்கிற கொழுப்பு நாளானால் சிக்கு வாடை அடிக்கும், பழைய எண்ணெய் மாதிரி. நிறம் மஞ்சளாகும், கட்டி தட்டும். உங்கள் பாக்கெட்டில் இதெல்லாம் இருந்தால் தாராளமாக எழுதுங்கள். இல்லை என்றால் எழுதாதீர்கள், ஏனென்றால் அவர் முகர்ந்து பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்பார். பேச்சு தேதியை விட்டுவிட்டு மூக்குக்கு மாறிவிடும். உங்களுக்குத் தேதி ஒன்றே போதும்.

"வேறு பாக்கெட் வேண்டாம்" என்ற வரி மிக முக்கியம். மளிகைக் கடையில் பெரும்பாலும் கையை நீட்டி இன்னொரு பாக்கெட்டை எடுத்து வைப்பார்கள். உங்களுக்கு அது போதும் என்றால் வாங்கிக்கொள்ளலாம், தேதியை அங்கேயே பார்த்துவிட்டு. பணம்தான் வேண்டும் என்றால் அதை எழுத்தில் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கல்லாவுக்கு முன்னால், நாலு பேர் நிற்கும்போது பழக்கக்காரரிடம் "இல்லண்ணே, காசுதான் வேணும்" என்று சொல்ல நம் பெண்களுக்கு வாய் வராது. நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

கணக்கிலிருந்து கழிக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. நீங்கள் இன்னும் அந்தத் தொகையைக் கட்டவில்லை என்றால் அவர் கையில் பணம் தர வேண்டியதில்லை, வரியை அடித்தாலே போதும். கட்டிவிட்டீர்கள் என்றால் "24.90-ஐத் திருப்பித் தாருங்கள், அல்லது அடுத்த மாதக் கணக்கில் கழித்துவிடுங்கள்" என்று மாற்றி எழுதுங்கள். கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பதை விடக் கணக்கில் கழிப்பது கடைக்காரருக்குச் சுலபம். சுலபமான வழியைக் காட்டினால் சீக்கிரம் ஒத்துக்கொள்வார்.

கடைசியில் அலமாரியைப் பார்க்கச் சொன்னது வெறும் உபசாரத்துக்கு இல்லை. சிறிய கடைகளில் காலாவதியான பாக்கெட் எப்படிக் கைக்கு வருகிறது தெரியுமா? புதுச் சரக்கு வந்ததும் பையன் அதை முன்னால் அடுக்கிவிடுவான். பழையது பின்னால் தள்ளிக்கொண்டே போகும். சம்பள வாரத்தில் முன்வரிசை காலியானதும் பின்னால் கிடந்த பழசு வெளியே வரும். உங்களுக்கு வந்த பாக்கெட் தனியாக இருந்திருக்காது. அதே பெட்டியில் வந்த பத்தோ பன்னிரண்டோ இன்னும் அங்கே இருக்கலாம், பக்கத்து லைனில் யாரோ ஒரு தாய் இன்று அதைக் கலக்கிக்கொண்டிருக்கலாம். 24 வெள்ளியை விட எனக்கு இந்த வரிதான் பெரிது. தயவுசெய்து இதை வெட்டிவிடாதீர்கள்.

மெசேஜில் என்ன இருக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமைச்சுக்குப் போவேன், ஃபேஸ்புக்கில் போடுவேன் என்று முதல் மெசேஜில் எழுதாதீர்கள். எழுதினால் அவர் பாக்கெட்டைப் பற்றிப் பதில் சொல்ல மாட்டார், உங்கள் மிரட்டலைப் பற்றித்தான் பதில் சொல்வார். "உன் அப்பா இருந்திருந்தா இப்படிப் பேசுவாரா" என்று ஆரம்பித்துவிட்டால் தேதி, புத்தகம், படம் எல்லாம் ஓரமாகப் போய்விடும். தெரிந்தே கொடுத்தார் என்றும் எழுதாதீர்கள். அது உங்களுக்குத் தெரியாது, பணம் திரும்ப வர அதை நிரூபிக்கத் தேவையும் இல்லை.

இனி அவர் பக்கம். பாக்கெட்டைக் கொண்டு வருகிறேன் என்று நீங்கள் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் தெளியும். மளிகைக் கடைக்குப் பால் மாவு கம்பெனி சேல்ஸ்மேன் மூலமாக வருகிறது. நாள் முடிந்த சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு கடைக்காரர் கணக்கில் கழித்துக் கொடுக்கும் சேல்ஸ்மேன்கள் உண்டு. சிலர் தேதிக்கு முன்பே திருப்பினால்தான் எடுப்பார்கள், சிலர் எடுக்கவே மாட்டார்கள். எடுக்கிறவர்களும் தேதியும் தொகுதி எண்ணும் தெரிகிற உறையைக் கேட்பார்கள். ஆக, நீங்கள் உறையைப் பத்திரமாகக் கொடுத்தால் அவர் நட்டத்திலிருந்து தப்பவும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் சேல்ஸ்மேன் எடுப்பாரா மாட்டாரா என்பது அவர்கள் இருவருக்கும் இடையிலான விஷயம். "சேல்ஸ்மேன் அடுத்த வாரம் வரட்டும், கேட்டுட்டு சொல்றேன்" என்றால், "நீங்க அவர்கிட்ட கேளுங்கண்ணே, எங்க கணக்கை இன்னைக்கே கழிச்சிடுங்க" என்று அமைதியாகச் சொல்லுங்கள். பொருளை உங்களுக்கு விற்றவர் அவர்தான்.

"எடுக்கும்போதே பார்த்திருக்கலாமே" என்று கேட்கலாம். பார்த்திருக்கலாம்தான், அதை ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் பார்க்காததால் விற்கக் கூடாத பொருள் விற்கத் தக்கதாக மாறிவிடாது. "அடுத்த தடவை பார்த்து எடுக்கிறேன் அண்ணே, இதைக் கழிச்சிடுங்க" என்ற பதில் போதும். "இது எங்க கடைப் பாக்கெட்டே இல்ல" என்றால் மட்டும் கொஞ்சம் சிக்கல். அப்போது புத்தகத்தைத் திறந்து வரியைக் காட்டுங்கள், அவர் கையெழுத்துதான். அலமாரியில் அதே தொகுதி எண்ணோடு இன்னொரு பாக்கெட் இருந்தால் அதற்கு மேல் பேச்சு இருக்காது.

இந்த இடத்தில் ஸ்டிக்கரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சில வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கு வாங்கிய மிளகாய்த்தூள் ஒன்று, இந்தியாவிலிருந்து வந்தது. பின்பக்கம் இறக்குமதி செய்தவரின் வெள்ளை ஸ்டிக்கர், அதில் காலாவதித் தேதி இன்னும் எட்டு மாதம் இருப்பதாகப் போட்டிருந்தது. ஈரக் கையோடு எடுத்தபோது ஸ்டிக்கரின் ஒரு மூலை உரிந்து வந்தது. அடியில் கம்பெனியே அச்சடித்த தேதி இருந்தது: பொட்டலமிட்ட மாதமும், "பொட்டலமிட்டதிலிருந்து 12 மாதத்துக்குள் பயன்படுத்தவும்" என்ற வரியும். கூட்டிப் பார்த்தால் நாங்கள் வாங்கியதற்கு முன்பே நாள் முடிந்திருந்தது. நான் செய்த தவறு, ஆத்திரத்தில் ஸ்டிக்கரை முழுவதும் உரித்து எறிந்தது. கடைக்காரர், "ஸ்டிக்கர் எங்கே? நான் கொடுத்தது ஸ்டிக்கரோடதானே" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. உங்கள் பாக்கெட்டிலும் இரண்டு தேதி தெரிந்தால், ஸ்டிக்கரை உரிக்காமல், உரிந்திருக்கிற மூலையை விரலால் லேசாகத் தூக்கிப் பிடித்து இரண்டும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். இப்படித் தேதியை மறைத்த பாக்கெட் சாதாரண மறதி இல்லை. மளிகைக் கடைக்காரருக்கே தெரியாமல் மேலிருந்து வந்திருக்கலாம். பணத்தை அவரிடம் கேளுங்கள், பாக்கெட்டை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குக் காட்டுங்கள்.

பதில் வரவில்லை என்றால் ஞாயிறு வரை பொறுத்து, நேரில் போங்கள். நேரில் மறுத்தால் வீட்டுக்கு வந்து இரண்டாவது மெசேஜ், இன்னும் சின்னதாக: "இன்று பாக்கெட்டைக் கொண்டு வந்து காட்டினேன். கழிக்க முடியாது என்று சொன்னீர்கள். வரும் வெள்ளிக்குள் 24.90-ஐக் கழித்துவிடும்படி மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். அவர் மறுத்தது எழுத்தில் பதிந்துவிட்டது. பாக்கெட்டைப் பணம் கிடைக்காமல் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

அதற்குப் பிறகும் அசையாவிட்டால் இரண்டு வேறு வாசல்கள் இருக்கின்றன, நம் ஆட்கள் இவற்றைத்தான் மாற்றி மாற்றித் தட்டுகிறார்கள். காலாவதியான உணவு அலமாரியில் இருக்கிறது என்பது சுகாதார அமைச்சின் வேலை. சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டத்தில் இருப்பதால் அந்த மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் சொல்ல வேண்டும். அவர்கள் வந்து அலமாரியைச் சோதிப்பார்கள், உங்கள் பணத்தை வாங்கித் தர மாட்டார்கள். பணம் வேண்டும் என்றால் உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழ் இருக்கிற மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம். முதலாம் எண் பாரத்தை நிரப்ப வேண்டும், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களே பேசலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம் என்ற இடத்தில் 24.90-ம் கேட்கலாம், தொகை சின்னது என்று தள்ள மாட்டார்கள். மூன்று வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் கடைக்காரர் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். அங்கே அவர்கள் கேட்கப் போவது நீங்கள் அனுப்பிய முதல் மெசேஜ், இரண்டு படம், பாக்கெட், புத்தகம். பாரம் மலாய் மொழியில் இருக்கும், ஆகவே மெசேஜின் அடியில் நாலு வரி மலாயில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு 25 வெள்ளிக்காக ஈப்போவுக்குப் போய் வர வேண்டுமா என்பதை நீங்கள்தான் எடை போட வேண்டும். சுகாதார அலுவலகத்துக்குச் சொல்வதை மட்டும் பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அலமாரியைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். ஞாயிறு போகும்போது பழைய பாக்கெட் இன்னும் அங்கேயே அடுக்கியிருந்தால் சொல்லியே ஆக வேண்டும்.

பிள்ளைக்கு வாந்தி, பேதி, காய்ச்சல் எதுவும் இருந்தால் இந்த மெசேஜையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் கிளினிக்கில் காட்டுங்கள். என்ன மாவு, எப்போது கொடுத்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அது 24.90-இலிருந்து தனியான விஷயம். பணம் திரும்பக் கேட்கும் மெசேஜோடு அதைக் கலக்க வேண்டாம்.

ஞாயிறு காலை அவர் சரி என்று சொல்லிப் பேனாவை எடுத்தால், உங்கள் புத்தகத்தில் அடித்த கோடு அவர் வைத்திருக்கிற புத்தகத்திலும் விழுகிறதா என்று பாருங்கள். கணக்கு எழுதுகிற கடைகளில் பெரும்பாலும் இரண்டு புத்தகம் இருக்கும். மாதக் கடைசியில் கூட்டுவது அவருடையதை வைத்துத்தான். உங்களுடையதில் மட்டும் கோடு விழுந்தால் அடுத்த சம்பளத்தில் அதே 24.90 மறுபடியும் வந்து நிற்கும். இரண்டிலும் வரியை அடித்து, பக்கத்தில் தேதி போட்டு, ஒரு கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்ட பிறகு பாக்கெட்டை அவரிடம் கொடுத்துவிடலாம்.